சராசரியா, இடைநிலையா, கெடுவுக்குள் எடுத்த விகிதமா: ஆன்-கால் உண்மையில் நடக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

ஆன்-கால் ஒழுங்காக நடக்கிறதா என்று கேட்டால், பல டீம்கள் டாஷ்போர்டில் இருக்கும் எம்டிடிஏ எண்ணைத்தான் காட்டும். அலர்ட் கிளம்பியதிலிருந்து யாராவது ஒருவர் அதை அக் செய்யும் வரை ஆகும் நேரத்தின் சராசரி அது. அந்தக் கேள்விக்கு இந்த எண் பதில் சொல்வதில்லை என்பது என் கருத்து. அதே பேஜ் வரலாற்றிலிருந்து இன்னும் இரண்டு எண்களை எடுக்கலாம். ஒன்று இடைநிலை, இன்னொன்று கெடுவுக்குள் அக் ஆனவற்றின் விகிதம். மூன்றையும் ஒரே தரவில் ஓட்டிப் பார்ப்போம்.

ஒரு வாரத்தில் 10 பேஜ் வந்ததாக வைத்துக்கொள்வோம். 5 நிமிடத்தில் அக் ஆகாவிட்டால் எஸ்கலேஷன். பகலில் வந்த ஏழும் 1, 1, 2, 2, 2, 3, 3 நிமிடங்களில் அக் ஆகிவிட்டன. இரவில் மூன்று வந்தன. முதலாவதை பிரைமரி 4 நிமிடத்தில் எடுத்தார். இரண்டாவதை அவர் எடுக்கவில்லை. எஸ்கலேஷன் பலமுறை சுற்றி, 54-ஆவது நிமிடத்தில் செகண்டரி எடுத்தார். மூன்றாவதை யாருமே எடுக்கவில்லை. 22 நிமிடம் கழித்து சர்வர் தானாகச் சரியானதும் அலர்ட் மூடிக்கொண்டது.

முதலில் சராசரி. அக் ஆன ஒன்பதின் கூட்டுத்தொகை 72, ஆக 8 நிமிடம். யாரும் எடுக்காத பத்தாவது இந்தக் கணக்கிலேயே இல்லை, ஏனென்றால் அதற்கு அக் நேரம் என்று ஒன்று கிடையாது. இதன் விளைவைப் பாருங்கள்: அந்த 54 நிமிட பேஜையும் கடைசிவரை யாரும் எடுக்காமல் விட்டிருந்தால், சராசரி 2.25 நிமிடமாக இறங்கியிருக்கும். வேலை மோசமாகிறது, எண் அழகாகிறது. கவரேஜை அளக்கும் எண்ணுக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது.

இடைநிலையை எடுத்தால் 2 நிமிடம். ஒரு பெரிய எண் வந்து இழுத்துவிடாது என்பதற்காகத்தான் பலர் இதை விரும்புகிறார்கள். ஆனால் நாம் தேடுவதே அந்த ஒன்றிரண்டு பெரிய எண்களைத்தான். வழக்கமான பகல்நேர வேகம் மாறியிருக்கிறதா என்று பார்க்க மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பிரைமரியே 5 நிமிடத்துக்குள் எடுத்தவற்றின் விகிதம். இதில் அக் ஆகாததும் தோல்வியாக உள்ளே வந்துவிடும். மொத்தமாக 80%. ஷிஃப்ட் வாரியாகப் பிரித்தால் பகலில் 7-க்கு 7, இரவில் 3-க்கு 1. இரவில் ஆள் கிடைக்கவில்லை என்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது.

```sql
SELECT shift,
  100.0 * AVG(CASE WHEN acked_by = primary_user
    AND ack_secs <= 300 THEN 1.0 ELSE 0 END) AS pct
FROM pages
WHERE ack_secs IS NOT NULL OR open_secs > 300
GROUP BY shift;
```

`WHERE` வரி முக்கியம். இரண்டு நிமிடத்தில் தானாக மூடிக்கொண்ட அலர்ட்டை ஆன்-கால் ஆளின் தோல்வியாக எண்ணுவது நியாயமில்லை. அவருக்குக் கெடு முழுதாகக் கிடைக்கவே இல்லையே. 22 நிமிடம் திறந்து கிடந்தது வேறு கதை. அது கணக்கில் இருந்தே ஆகவேண்டும். சிலர் அக் அழுத்தாமல் நேரே ரிசால்வ் செய்துவிடுவார்கள். மனிதர் செய்த ரிசால்வை அக்காகவே `ack_secs`-இல் போட்டுக்கொள்ளுங்கள், செய்தவரை `acked_by`-இலும் போடுங்கள். ஸ்கிரிப்ட் தானாகப் போட்ட அக்கை எடுத்துவிடுங்கள்.

கடிகாரம் எங்கே தொடங்குகிறது என்பதும் கவனிக்க வேண்டியது. பேஜர்ட்யூட்டி மாதிரிக் கருவிகளில் ஒவ்வொருவரும் தன் நோட்டிஃபிகேஷன் விதியைத் தானே வைத்துக்கொள்ளலாம். ஒருவர் முதலில் புஷ் மட்டும், ஐந்து நிமிடம் கழித்துத்தான் போன் கால் என்று வைத்திருந்தால், தூக்கத்தில் இருப்பவர் கெடுவுக்குள் எழுவது கடினம். லாக்கில் `notify_log_entry` வரிகளின் நேரத்தையும் அவை எந்த வழியில் போயின என்பதையும் பாருங்கள். கால் போவதற்கு முன்பே எஸ்கலேஷன் ஓடியிருந்தால், திருத்த வேண்டியது விதியை. கால் போயும் எடுக்கவில்லை என்றால்தான் ஷிஃப்ட் யாருக்கு, எத்தனை இரவு தொடர்ந்து என்று ஆராய வேண்டும். விகிதத்துக்கான கெடுவை மட்டும் அலர்ட் கிளம்பிய நேரத்திலிருந்தே வைத்திருங்கள், பயனர் காத்திருப்பது அப்போதிலிருந்துதானே.

இந்த மூன்றாவது எண்ணுக்கும் எல்லை உண்டு. அரைத்தூக்கத்தில் அக் அழுத்திவிட்டு மறுபடி படுத்தவரும் இதில் வெற்றிதான். அக் ஆன பிறகு நீண்ட நேரம் எந்தக் குறிப்பும், செய்கையும் இல்லாத இரவு பேஜ்களைத் தனியாக எடுத்து ஒவ்வொன்றாகப் படிப்பதுதான் அதற்கு வழி. அப்புறம், வாரத்துக்கு மூன்று இரவு பேஜ் மட்டுமே வரும் டீமில் ஒரு வாரத்து 33% எதையும் உறுதியாகச் சொல்லாது. இரவுக் கணக்கை ஒரு காலாண்டுக்குச் சேர்த்துப் பாருங்கள், சதவீதத்தின் பக்கத்திலேயே எத்தனைக்கு எத்தனை என்றும் எழுதுங்கள்.