மூன்றாவது கம்பிவடத்தையும் மாற்றியாயிற்று: மினி லிஃப்டோடு மூன்று வருடம்

போன வாரம், கட்டட வேலையில் செங்கல், சிமெண்ட், கலவை எல்லாம் மேலே ஏற்றும் எங்கள் மினி லிஃப்டுக்குக் கம்பிவடம் மாற்றினோம். மூன்று வருடத்தில் இது மூன்றாவது தடவை. கையில் கிரீஸ் போகாத அதே சாயங்காலம் நண்பர் ஒருவர் போன் செய்தார். "நானும் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன், எப்படி இருக்கு உங்களுது?" என்றார். நல்ல நேரம் பார்த்துக் கேட்டார் என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் சொன்னதையும், கோபத்தில் சொல்லாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது மேல் தளத்தில் நிறுத்திப் பின்காலில் எடை ஏற்றிவைக்கும் ரகம். கை 90 செ.மீ. வெளியே நீளும், 300 கிலோ வரை தூக்கலாம் என்று போட்டிருக்கிறது, வடம் 8 மி.மீ. தூக்குவதில் குறை சொல்ல முடியாது. ஒரு தடவைக்கு நாற்பது செங்கல் வரை சாதாரணமாக ஏறும். சிமெண்ட் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு யாரும் படியேறி மூன்று வருடம் ஆகிறது. பாதி வழியில் கரண்ட் போனாலும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், பக்கெட் அந்தரத்தில் அப்படியே நிற்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

எரிச்சல் எல்லாம் ஒரே இடத்தில்தான். வடம் டிரம்மில் ஒழுங்காகச் சுற்றாது.

ஏன் என்று புரிய எங்களுக்கு ஒரு வருடம் ஆயிற்று. பக்கெட் கீழே தரையைத் தொடும் நேரம் மேலே பட்டனைப் பிடித்திருப்பவருக்குத் தெரியாது. கீழே இருப்பவர் "போதும்" என்று கத்தி அது மேலே கேட்பதற்குள் இரண்டு விநாடி போய்விடும். அந்த இரண்டு விநாடியும் டிரம் வடத்தை விட்டுக்கொண்டே இருக்கிறது, இழுத்துப் பிடிக்கக் கீழே எடை இல்லை. டிரம்மில் சுற்றுகள் தளர்ந்து ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அடுத்து பட்டனை அழுத்தினால் வடம் அந்தக் குழப்பத்தின் மேலேயே குறுக்கே சுற்றும். பாரம் ஏறியதும் மேல்சுற்று கீழ்ச்சுற்றுகளுக்கு நடுவே ஆப்பு மாதிரி இறங்கி இறுகிக்கொள்ளும்.

இது நடக்கிறது என்பதைக் காதால் கண்டுபிடிக்கலாம். ஏறும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பக்கெட் நாலு விரல் கீழே குதித்து மறுபடி ஏறும். சிக்கிய சுற்று விடுபடும் சத்தம் அது. அந்த ஒவ்வொரு குதிப்பிலும் வடத்துக்கு விழுவது பக்கெட்டின் எடை மட்டும் அல்ல, அதைவிடப் பெரிய அடி. சாயங்காலம் அந்த இடத்தைப் பார்த்தால் வடம் தட்டையாக நசுங்கியிருக்கும், இல்லை முறுக்குப் பிரிந்து கூடு மாதிரி உப்பியிருக்கும். முதல் இரண்டு வடமும் இப்படித்தான் போயின. தேய்ந்து போயிருந்தால் இவ்வளவு வருத்தம் இருந்திருக்காது.

இதில் இன்னொரு படியும் உண்டு. போன வருடம் அது நடந்தபோதுதான் உண்மையில் பயந்தேன். நுனியில் நசுங்கிய பகுதியை இரண்டு தடவை வெட்டியெடுத்ததில் 20 மீட்டர் வடம் 17 மீட்டர் ஆகியிருந்தது. அந்தக் கட்டடத்தில் கை முனையிலிருந்து தரைக்கு 14.5 மீட்டர். டிரம்மில் எப்போதும் மூன்று சுற்றாவது மிச்சம் இருக்க வேண்டும். எங்கள் டிரம்முக்கு அது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். கூட்டினால் 16, ஒரு மீட்டர் கையிருப்பு இருக்கிறது, சரி என்று விட்டுவிட்டோம். தரையில் குவியும் தளர்ந்த வடத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அன்று பட்டனில் இருந்தது புதுப் பையன். பக்கெட் தரை தொட்ட பிறகும் இறக்கிக்கொண்டே இருந்திருக்கிறான். வடம் முழுக்கத் தீர்ந்துவிட்டது, டிரம் நிற்கவில்லை. அதே திசையில் சுற்றிக்கொண்டிருந்ததால் வடத்தை எதிர்ப்பக்கமாகச் சுருட்ட ஆரம்பித்துவிட்டது. "அண்ணே, இறக்குற பட்டனை அழுத்தினா மேல வருதுண்ணே!" என்று கத்தினான். எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. அவனுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்கும் போல, பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை. உச்சியில் ஒரு லிமிட் சுவிட்ச் இருக்கிறதே, நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அந்தச் சுவிட்ச் 'ஏற்று' பட்டனின் கரண்டை மட்டும்தான் வெட்டும். பையன் அழுத்தியிருந்தது 'இறக்கு'. பக்கெட் போய்க் கப்பியில் இடித்தது, கை முழுவதும் ஆடியது. காலி பக்கெட், கீழே யாரும் இல்லை. அன்று எங்களைக் காப்பாற்றியவை இந்த இரண்டும்தான்.

அதற்குப் பிறகு மூன்று காரியம் செய்தோம். டிரம்மில் ஐந்து சுற்று மிச்சம் இருக்கும் இடத்தில் வடத்துக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்தோம். சிவப்பு கண்ணில் பட்டால் பட்டனை விட்டுவிட வேண்டும். கொக்கிக்கு மேலே ஒரு இரும்புக் குண்டைக் கோர்த்தோம். காலியாக இறங்கும்போதும் வடம் விறைப்பாக இருப்பதற்கு அது. அப்புறம், பக்கெட்டைத் தரையில் வைப்பதையே விட்டுவிட்டோம். இடுப்பு உயரத்துக்கு ஒரு பலகை மேடை போட்டோம். அது மேலே இருப்பவருக்குச் சாரத்தின் ஓரமாகத் தெரியும். பக்கெட் மேடையைத் தொடுவதை அவரே பார்த்து நிறுத்துகிறார், கத்தலை நம்ப வேண்டியதில்லை. இதற்குப் பிறகுதான் ஒரு வடம் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது.

இப்போது மாற்றியது ஏன் என்றால், இது நியாயமாகத் தேய்ந்து போனது. ஒரு புரி ஒரு முழுச் சுற்று சுற்றிவரும் நீளத்துக்குள் ஆறு கம்பி அறுந்திருந்தாலோ, அதே நீளத்தில் ஒரே புரியில் மூன்று அறுந்திருந்தாலோ மாற்றிவிடுவது எங்கள் வழக்கம். பஞ்சை வடத்தின் மேல் ஓட்டிப் பார்த்தால் அறுந்த நுனியில் சிக்கிக்கொள்ளும். வெறுங்கையால் தடவிப் பார்க்கக் கூடாது, முள் மாதிரி ஏறிவிடும்.

மாற்ற வந்த மெக்கானிக் செய்த வேலையையும் சொல்லியே ஆக வேண்டும். கொக்கியில் கண்ணி போட்டு மூன்று கிளாம்பு இறுக்கினார். மூன்றில் இரண்டு தலைகீழ். கிளாம்பின் தட்டையான அடிப்பகுதி பாரம் தாங்கும் நீள வடத்தின் மேல் உட்கார வேண்டும், வளைந்த போல்ட் வெட்டுநுனிப் பக்கம் வர வேண்டும். மாற்றிப் போட்டால் போல்ட் பாரம் தாங்கும் வடத்தையே கடித்து நசுக்கிவிடும். கேட்டதற்கு "எப்படிப் போட்டாலும் பிடிக்கும் சார்" என்றார். பிடிக்கும்தான், எத்தனை நாளைக்கு என்பதுதான் கேள்வி. கழற்றி நாங்களே போட்டோம். ஒரு பாரம் தூக்கி இறக்கிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்கினால் அரைச் சுற்று உள்ளே போனது. பாரம் ஏறியதும் வடம் கொஞ்சம் ஒல்லியாகிவிடும் என்பதால் இந்த இரண்டாவது முறுக்கைத் தவறவிடக் கூடாது.

நண்பர் இன்னொன்றும் கேட்டார், பின்காலில் எவ்வளவு எடை வைக்கிறீர்கள் என்று. எங்கள் கணக்கு இது. பக்கெட்டில் 60 லிட்டர் ஈரக் கான்கிரீட். கன மீட்டருக்கு 2400 கிலோ என்றால் 145 கிலோ வரும். பக்கெட், கொக்கி, குண்டு எல்லாம் சேர்த்து 30, மொத்தம் 175. (பக்கெட்டை தினம் கழுவாவிட்டால் ஒட்டிக் காய்ந்த கலவையே பத்துப் பதினைந்து கிலோ ஆகிவிடும்.) முன்காலிலிருந்து கொக்கி 90 செ.மீ. வெளியே, பின்எடை 150 செ.மீ. உள்ளே. 175ஐ 90ஆல் பெருக்கி 150ஆல் வகுத்தால் 105 கிலோ. அது வெறும் சமநிலை மட்டும்தான். நாங்கள் மூன்று மடங்கு, 315 கிலோவுக்குக் குறையாமல் வைக்கிறோம். பக்கெட் சாரக் குழாயில் ஒரு தடவை மாட்டிக்கொண்டால் காரணம் புரியும். அப்போது மோட்டார் 175 கிலோவையா இழுக்கிறது? தன் முழுச் சக்தியையும் போட்டுக் கட்டடத்தையே இழுக்கிறது.

முதல் மாதத்தில் அந்த எடைக்கு ஏழு சிமெண்ட் மூட்டை அடுக்கியிருந்தோம். ஒரு நாள் காலையில் எண்ணினால் ஐந்துதான் இருந்தது. பூச்சு வேலைக்குச் சிமெண்ட் தீர்ந்துபோனதால் கொத்தனார் இரண்டை எடுத்துவிட்டார், அவர் மேல் என்ன தப்பு? சிமெண்ட் மூட்டையைப் பார்த்தால் யாருக்கும் சிமெண்ட் மூட்டையாகத்தான் தெரியும். அன்று முழுவதும் வேலையும் நடந்தது, லிஃப்டும் அசையவில்லை. 250 கிலோவுக்கும் அது நிற்கும், மாட்டிக்கொள்ளும் வரை. இப்போது நடுவில் ஓட்டை விட்டு வார்த்த கான்கிரீட் கட்டைகளைக் குழாயில் கோர்த்து மேலே போல்ட் போட்டிருக்கிறோம். அது வேறு எந்த வேலைக்கும் உதவாது.

"இவ்வளவு தொல்லைக்குக் கப்பியும் கயிறுமே போதும் போல இருக்கே" என்றார் நண்பர். கப்பி லேசுப்பட்டது இல்லை. கீழே நின்று 50 கிலோ மூட்டையை இழுக்கும்போது மேலே கப்பி கட்டிய கழிக்கு விழுவது 50 அல்ல, 100. மூட்டை ஒரு பக்கம் இழுக்கிறது, இழுப்பவர் மறுபக்கம் அதே அளவு இழுக்கிறார். கப்பியில் உராய்வு இருப்பதால் இன்னும் கொஞ்சம் சேரும். அதோடு, இழுப்பவரின் கை வழுக்கினால் பிடித்து நிறுத்த பிரேக் கிடையாது. இழுக்கிறவர் நிற்பதும் அநேகமாக மூட்டைக்கு நேர் கீழேதான்.

கடைசியில் நேராகவே கேட்டார், "வாங்கலாமா, வேணாமா?" வேண்டாம் என்றேன். வடம் தளர்ந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சுவிட்ச் ஒன்று உண்டு. அது எங்கள் லிஃப்டில் இல்லை. அது உள்ளதாகக் கிடைத்தால் பார், இல்லாவிட்டால் விட்டுவிடு என்றேன். அப்படியானால் உன்னுடையதை விற்றுவிடுகிறாயா, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று சிரித்தார். விற்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாதம் பத்து நாள் இரவலாகக் கேட்டிருக்கிறார். தருகிறேன். ஆனால் பட்டனைப் பிடிக்க எங்கள் ஆளும் கூடவே வருவான். அன்று "மேல வருதுண்ணே" என்று கத்திய அதே பையன்தான். இப்போது சிவப்பு பெயிண்ட் தெரிவதற்கு இரண்டு சுற்று முன்னாலேயே விரலை எடுத்துவிடுகிறான்.