மளிகைக் கடையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்டாக் கணக்கு: இரண்டு வருட அனுபவம்

அருப்புக்கோட்டையில் நடுத்தர அளவு மளிகைக் கடை எங்களுடையது. சரக்கு வகை ஆயிரத்தைத் தாண்டும். மார்ச் 31-க்கு ஆடிட்டருக்காக மட்டும் ஸ்டாக் எடுத்துக்கொண்டிருந்த நாங்கள், இரண்டு வருடத்துக்கு மேலாக ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசியிலும் எடுக்கிறோம். எதற்கு எப்போது ஆர்டர் போடுவது என்ற அளவையும் அந்தக் கணக்கை வைத்தே மாற்றுகிறோம். இந்த முறை எங்கே உதவியது, எங்கே உதவவில்லை என்று எழுதுகிறேன்.

முதலில் சரக்கைப் பிரிப்பது. விலையை வைத்தோ லாபத்தை வைத்தோ பிரித்தால் குழப்பம்தான். மூன்று மாதம் என்றால் 13 வாரம். அதில் பத்து வாரத்துக்கு மேல் பில்லில் வந்திருந்தால் அது ஓடுற சரக்கு. நாலு வாரத்துக்கும் குறைவு என்றால் நிக்கிற சரக்கு. நடுவில் உள்ளதை, சந்தேகமாக இருக்கும்வரை நிக்கிற பக்கமே சேர்த்துவிடுகிறேன். சீனி, துவரம்பருப்பு, ஷாம்பு சாஷே எல்லாம் ஒரு பக்கம். கஸ்டர்ட் பவுடர், சாதிக்காய், அதிமதுரம், பெரிய டப்பா நெய் இன்னொரு பக்கம்.

ஓடுற சரக்குக்கு துவரம்பருப்பையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலாண்டில் 546 கிலோ போனது. 91 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு 6 கிலோ. விருதுநகர் மண்டி வண்டி எங்களுக்கு வெள்ளிக்கிழமை வரும், புதன்கிழமை ஆர்டர் சொல்ல வேண்டும். இந்தப் புதனை விட்டால் அடுத்த வார வெள்ளிவரை கையில் இருப்பதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அதாவது 9 நாள், 54 கிலோ. வண்டி தாமதமானால் சமாளிக்க மூன்று நாள் சரக்கு, 18 கிலோ. மொத்தம் 72. புதன்கிழமை இருப்பு 72-க்குக் கீழே இருந்தால் மூட்டை சொல்வோம், மேலே இருந்தால் விட்டுவிடுவோம். 75 கிலோ இருந்து, ஆர்டர் சொல்லாமல் விட்டாலும், அடுத்த புதன் 33 இருக்கும், வண்டி வந்து இறங்கும்போது 21 மிச்சம் இருக்கும். பலர் ஆர்டர் சொல்லி சரக்கு வந்து சேரும் இரண்டு நாளை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்பதைச் சேர்க்காததால்தான் செவ்வாய்க்கிழமை பருப்பு தீர்ந்து போகிறது.

இதிலும் ஒரு திருத்தம் உண்டு. சம்பளம் வாங்கி ஒண்ணாம் தேதியிலிருந்து பத்து வரை பருப்பு நாளுக்கு 9 கிலோவரை போகும். அதனால் மாதக் கடைசிப் புதனுக்கு மட்டும் அளவு 100.

அடுத்து, கணக்கெடுப்பால் கிடைத்த பெரிய லாபம் சீனியில். ஒரு காலாண்டுத் தொடக்க இருப்பு 140 கிலோ, வாங்கியது 24 மூட்டை, 1,200 கிலோ. பில் போட்டது 1,262 கிலோ. இருக்க வேண்டியது 78, எடை போட்டுப் பார்த்தால் 62. பதினாறு கிலோ குறைகிறது. திருட்டு என்று உடனே பையன்கள் மேல் சந்தேகப்படத் தோன்றும் இடம் இது. கடன் நோட்டைப் பார்த்தோம், பில் போடாமல் எழுதியது எதுவும் இல்லை. பிறகு கட்டி வைத்திருந்த ஒரு கிலோ பொட்டலங்களில் இருபதை எடுத்து மறுபடி தராசில் வைத்தோம். கவர் எடை கழித்தும், சராசரியாக 12 கிராம் கூடுதல். கட்டுகிற அக்கா எண் 1.000 தாண்டிய பிறகுதான் கரண்டியை எடுப்பார், கை தாராளம். 1,262 பொட்டலத்துக்கு அது 15 கிலோவுக்கு மேல். மிச்சம் சாக்கில் ஒட்டியதும் சிந்தியதும். கடைசியில் சின்னக் கரண்டி ஒன்று வாங்கிக் கொடுத்ததோடு முடிந்தது. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை மட்டும் எண்ணியிருந்தால், எந்தச் சரக்கில் எந்த மாதம் போனது என்று தேடவே முடியாது.

எண்ணும் விதமும் முக்கியம். கம்ப்யூட்டர் லிஸ்ட்டைக் கையில் கொடுத்து எண்ணச் சொன்னால், அதில் உள்ள எண்ணையே திருப்பி எழுதிவிடுவார்கள். வெறும் பேப்பர், ஒருவர் சொல்ல ஒருவர் எழுத, அலமாரி அலமாரியாக. ஒரே சரக்கு கடையில் ஒன்று, மாடியில் ஒன்று, குடோனில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கும், சரக்கு வரிசையில் போனால் ஒன்று விட்டுப்போகும். முடிந்த தட்டில் சாக்பீஸ் கோடு.

மாதக் கடைசி இருப்பு குறைவான நேரம் என்பதால் எண்ண வசதிதான். ஆனால் கம்பெனி சேல்ஸ்மேன்களுக்கும் அதுதான் டார்கெட் முடிக்கும் நேரம். பத்துக்கு ஒன்று ஃப்ரீ என்று பெட்டிகளை இறக்கிவிட்டுப் போவார்கள், பில் ஏறியிருக்காது. எண்ணும் நாளில் வரும் பெட்டியை வாசல் ஓரமாகத் தனியாக வைத்து, பில்லை அதன் மேலேயே ஒட்டிவிடுகிறோம். எண்ணி முடிந்தபிறகுதான் உள்ளே போகும்.

நிக்கிற சரக்குக்கு மூன்று மாதம் சரியான இடைவெளி. எண்ணும்போதே எக்ஸ்பைரி தேதியும் பார்க்கிறோம்: அடுத்த கணக்கெடுப்புக்கு முன்னால் தேதி முடிகிறதா, அதை இன்றே வெளியே எடு. டீலர் மாற்றித் தருவாரா என்று கேட்பது, முடியாவிட்டால் கல்லாப் பக்கத்தில் விலை குறைத்து வைப்பது. கஸ்டர்ட் பவுடர் காலாண்டுக்கு ஏழு போகிறது, டீலரிடம் பன்னிரண்டு டஜன் பெட்டியாகத்தான் வரும் என்றால் வேண்டாம். ஹோல்சேல் கடையில் பீஸுக்கு இரண்டு ரூபாய் கூடுதல் கொடுத்து மூன்று மூன்றாக வாங்குகிறேன். இரண்டு மிச்சம் இருக்கும்போது மூன்று வாங்குவது என்பதே அதற்கு ஆர்டர் கணக்கு, 13 வார சராசரி எல்லாம் அங்கே தேவையில்லை.

எனக்கு இந்த முறையில் பிடிக்காதது, ஆங்கில மாதக் காலாண்டும் நம்முடைய விற்பனையும் ஒட்டாமல் போவது. செப்டம்பர் 30 புரட்டாசி நடுவில் விழுகிறது. சிக்கன் மசாலா அந்தக் கணக்கில் பாதி செத்துப்போன மாதிரி தெரியும், அதை நம்பி அளவைக் குறைத்தால் ஐப்பசியில் சரக்கு இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கடலைமாவு கணக்கில் தீபாவளியும் சேர்ந்திருக்கும், அதை ஜனவரிக்கு வைத்தால் மூட்டையில் வண்டு வரும்வரை கிடக்கும். இப்போது போன வருடத்து அதே காலாண்டைப் பார்த்து அளவு வைக்கிறேன். முதல் வருடத்தில் அந்தக் கணக்கு இல்லாததால், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தை விட்டுவிட்டு மீதியை வகுத்தேன், ஓரளவு சரியாக வந்தது. புளி, மிளகாய் போன்ற வருட வெள்ளாமைச் சரக்கு இதில் அடங்காது. சீசனில் விலை பார்த்து வாங்குவதுதான். பால், பிரெட், முட்டையும் தினக் கணக்கு.

பில் போடாமல் ஒரு ரூபாய் மிட்டாய்கூடக் கொடுக்கும் கடை என்றால் மிட்டாயைக் கணக்கில் சேர்க்காதீர்கள், சேர்த்தால் தினமும் வித்தியாசம் வரும். நாங்கள் சேர்க்கவில்லை. சீனி, பருப்பு, எண்ணெய், அரிசி நான்கையும் மட்டும் இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் எடை போட்டுவிடுகிறோம், புதன் ஆர்டருக்கு அந்த எண்ணே போதும். வரும் காலாண்டில் சோப்பு, பேஸ்ட்டையும் அந்த லிஸ்ட்டில் சேர்த்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.