தெரிவாகவில்லை என்பதை ரெஃபர் பண்ணிய அண்ணாவுக்கு எப்படிச் சொல்வது: கோலா, வட்ஸ்அப்பா, மெயிலா?

போன வருடம் கொழும்பில் ஒரு சொஃப்ட்வெயார் கம்பனிக்கு அண்ணா ஒருவர் என்னை ரெஃபர் பண்ணினார். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடத்தில் எனக்கு மூன்று பச் மூத்தவர், வீடு பரந்தன். நான் இரண்டாம் சுற்றோடு வெளியே. மெயில் ஒரு வியாழன் பின்னேரம் வந்தது, நான் அவருக்குச் சொன்னது பதினொரு நாள் கழித்து. அதற்குள் அவருடைய டீம் லீட் சாப்பாட்டு மேசையில் "உம்மட ஆள் சரிவரேல்லையே" என்று கேட்க, மனுசன் ஒன்றும் தெரியாமல் முழிசியிருக்கிறார்.

பேசாமல் இருப்பதற்கு நான் சொல்லிக்கொண்ட சாட்டு, கம்பனியே அவருக்குச் சொல்லியிருக்கும் என்பது. பல இடங்களில் அப்படி நடப்பதில்லை. ரெஃபர் பண்ணியவருக்குத் தெரிவது உங்கள் விண்ணப்பம் நடந்துகொண்டிருக்கிறதா மூடப்பட்டதா என்பது மட்டும், அதையும் அவர் தானாகப் போய்ப் பார்த்தால்தான். எந்தச் சுற்றில் ஏன் விழுந்தீர்கள் என்பது அதில் இருக்காது. ஆகவே பேசாமல் இருப்பதை ஒரு வழியாக எண்ணவே வேண்டாம்.

கோல் எடுப்பது மரியாதைதான், ஊரில் எல்லோரும் அதைத்தான் சொல்லுவார்கள். எனக்கு அதில் ஒரு தயக்கம் உண்டு. அவர் வேலையிடத்தில் இருப்பார், பக்கத்திலேயே உங்களை நேர்முகம் கண்டவரும் இருக்கலாம், திடீரென்று கேட்டால் "பரவாயில்லை தம்பி, அடுத்தமுறை பாப்பம்" என்பதைத் தவிர அவரால் என்ன சொல்ல முடியும்? அதோடு மெயில் வந்த அன்றே கதைத்தால் எங்கள் குரலில் கொஞ்சம் முறைப்பாடு வந்துவிடும், அது அவருக்குத் தன் கம்பனியைப் பற்றிய குறையாகத்தான் கேட்கும்.

மெயில் வேறு ரகம். பீடத்து விரிவுரையாளரோ, உங்களுக்குப் பெரிதாகப் பழக்கமில்லாத பழைய மாணவரோ என்றால், சீவியை மெயிலில் அனுப்பியிருந்தால், அதே மெயிலுக்குக் கீழேயே பதில் போடுங்கள். பழைய கதை முழுக்க அங்கேயே கிடக்கும், நீங்கள் யார் என்று அவர் தேட வேண்டியதில்லை. பழகிய அண்ணாவுக்கு மெயில் போட்டால் மட்டும் கோபத்தில் இருக்கிறீர்களோ என்று நினைப்பார்.

என்னைக் கேட்டால் வட்ஸ்அப், எழுத்தில், மெயில் வந்து ஒரு நாளுக்குள். வொய்ஸ் மெசேஜ் வேண்டாம், ஒஃபிஸில் அதைப் போட்டுக் கேட்க முடியாது. நான் அன்றே அனுப்பியிருக்க வேண்டியது இதுதான்:

"அண்ணா, இண்டைக்கு மெயில் வந்தது, என்னை எடுக்கேல்லை. இரண்டாம் சுற்றில் டேட்டாபேஸ் கேள்வி. மூன்று டேபிளை இணைத்து எழுதினேன், அது மெதுவாக ஓடினால் இண்டெக்ஸ் எங்கே போடுவீர் என்றதுக்குத்தான் பதில் வரேல்லை. நீங்கள் பேர் குடுத்ததுக்கு நன்றி அண்ணா. நேரம் கிடைத்தால் அந்தப் பகுதிக்கு எதைப் பார்க்கலாம் என்று சொல்லுங்கோ, அவசரமில்லை."

இதில் பெறுமதியான வரி விழுந்த இடத்தைச் சொல்லும் வரி. அதை வைத்துத்தான் சீவியில் பிழையா, பாடத்தில் பிழையா, அல்லது அந்த இடத்துக்கு அனுபவமுள்ள ஆளைத் தேடினார்களா என்று அவர் பிரித்துப் பார்க்கலாம். டீம் லீட் கேட்டாலும் "ஓம், இண்டெக்ஸில் தடுமாறினவன், இப்ப படிக்கிறான்" என்று ஒரு பதில் அவர் கையில் இருக்கும். "ஏன் எடுக்கவில்லை என்று கேட்டுச் சொல்லுங்கோ" என்பதை மட்டும் எழுதாதீர்கள். அது அவரை எச்.ஆரிடம் போய் நிற்க வைக்கிற வேலை, அவர்கள் வாய் திறப்பதும் குறைவு. சொல்லக் கூடிய காரணம் ஏதும் இருந்தால் அவரே விசாரித்துச் சொல்லுவார், எனக்கும் பிறகு அப்படித்தான் வந்தது. கோல் அதற்குப் பிறகு, அவர் கூப்பிட்டால். (ரெஃபரல் காசு கிடைக்காமல் போனதே என்று நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம், சிரிப்பார்.)

ஒரு இடத்தில் மட்டும் என் கணக்கு மாறும். சேர் தன் பச்மேட்டிடம் சொல்லி, அந்த பச்மேட் கம்பனிக்குள் பேர் கொடுத்திருந்தால் கடன் இரண்டு பேருக்கு. சேருக்கு முதலில் சொல்லி, "அவருக்கு நான் நேரடியாக நன்றி சொல்லலாமா சேர்" என்று கேட்டுவிட்டு மற்றவருக்கு எழுதுங்கள். உள்ளே இருப்பவரிடமிருந்து சேர் அதைக் கேள்விப்பட்டால், நடுவில் நின்றவர் அவர்தானே.

இன்னுமொரு வழி இருக்கிறது, நாங்கள் தேர்ந்தெடுக்காமலே நடப்பது. என் அம்மா கிளிநொச்சிச் சந்தையில் அந்த அண்ணாவின் அம்மாவைக் கண்டு, மரக்கறி நிறுக்கிற இடத்தில் நின்று முழுக்கதையும் சொல்லி முடித்திருந்தார். நான் மெசேஜ் போட்டபோது அண்ணா அனுப்பிய முதல் பதில், "தெரியும், அம்மா கோல் எடுத்தவா."