பட்டைக் கோட்பாட்டை 12 ஆண்டுகள் பயன்படுத்திய அனுபவம்: நிறத்தை வைத்து எதைச் சொல்லலாம்?

என் மேசை இழுப்பறையில் இரண்டு கண்ணாடிச் சில்லுகள் இருக்கின்றன. ஒன்றின் மேல் கேட்மியம் சல்ஃபைடு, இன்னொன்றின் மேல் தங்கம். இரண்டும் மிக மெல்லிய படலங்கள். மேசையில் வைத்துப் பார்த்தால் இரண்டும் மஞ்சள்தான். வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் கேட்மியம் சல்ஃபைடு அதே மஞ்சளாகவே தெரியும். தங்கப் படலமோ பச்சை கலந்த நீலமாக மாறிவிடும். மல்டிமீட்டர் முனைகளை வைத்தால் தங்கம் மின்சாரத்தைத் தாராளமாகக் கடத்துகிறது. கேட்மியம் சல்ஃபைடு இருட்டில் ஏறக்குறைய கடத்துவதே இல்லை, விளக்கைப் போட்டால் மட்டும் மின்தடை இறங்குகிறது.

புதிதாக லேபுக்கு வருபவர்களிடம் நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு சில்லுகளைத்தான். காரணம், இரண்டிலும் ஒளியை வலுவாக உறிஞ்சுவது ஏறக்குறைய ஒரே ஆற்றலில், 2.4 எலக்ட்ரான் வோல்ட் அருகில் தொடங்குகிறது. ஆனால் ஒன்று குறைக்கடத்தி, மற்றது உலோகம். பவுடர்களும் படலங்களும் செய்து அளக்கும் வேலையில் 12 ஆண்டுகளாகப் பட்டைக் கோட்பாட்டை அன்றாடக் கருவியாகப் பயன்படுத்தி வருகிறேன். அது எங்கே கைகொடுத்தது, எங்கே என்னை வழிதவற வைத்தது என்பதை எழுதுகிறேன்.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தனி அணுவில் எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் மட்டங்கள்தான் உண்டு. கோடானுகோடி அணுக்கள் படிகமாக நெருங்கும்போது ஒவ்வொரு மட்டமும் பிளந்து பிளந்து அகலமான பட்டையாகிறது. எலக்ட்ரான்களைக் கீழிருந்து நிரப்பிக்கொண்டே போகிறோம். கடைசிப் பட்டை பாதியில் நின்றால், எலக்ட்ரானுக்குத் தொட்டடுத்தே காலி இடம் இருக்கிறது, அது உலோகம். ஒரு பட்டை முழுதாக நிரம்பி, அடுத்த காலிப் பட்டைக்கு முன் இடைவெளி இருந்தால், குறைக்கடத்தி அல்லது காப்பான். இந்த இரண்டுக்கும் நடுவே கோடு எதுவும் இல்லை, இடைவெளியின் அளவில்தான் வித்தியாசம். சிலிக்கானுக்கு 1.12 எலக்ட்ரான் வோல்ட், வைரத்துக்குச் சுமார் 5.5. அறை வெப்பநிலை எலக்ட்ரானுக்குக் கொடுக்கக்கூடியது 0.026 தான். வெப்பத்தால் எலக்ட்ரான் மேலே ஏறும் வாய்ப்பு அடுக்குக்குறியில் குறைவதால், ஐந்து மடங்கு இடைவெளி என்பது கடத்துதிறனில் பத்தின் பல பத்து அடுக்குகளாக விரிகிறது.

இனி நிறம். நான் அதிகம் பயன்படுத்திய சூத்திரம் இதுதான்:

```
λ (nm) = 1240 / E (eV)
```

கேட்மியம் சல்ஃபைடின் இடைவெளி 2.42. வகுத்தால் 512 நானோமீட்டர், உறிஞ்சல் தொடங்கும் விளிம்பு அதுதான். அதைவிடக் குறுகிய அலைநீளங்கள், அதாவது ஊதாவும் நீலமும், உறிஞ்சப்படுகின்றன. பச்சையின் பெரும்பகுதியும் மஞ்சளும் சிவப்பும் தப்பிவிடுகின்றன. கண்ணுக்கு அது மஞ்சள். அதில் சல்ஃபரை எடுத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக செலினியத்தைச் சேர்த்தால் இடைவெளி சுருங்கி, நிறம் ஆரஞ்சு, சிவப்பு, அடர் சிவப்பு என்று இறங்கும். முழுக்க கேட்மியம் செலினைடு ஆனதும் இடைவெளி 1.74, விளிம்பு 713 நானோமீட்டர். பார்வைக்குத் தெரியும் ஒளியில் தப்புவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, பவுடர் கருமையாக இருக்கும்.

இதை ஒரு படிக்கட்டு மாதிரி மனதில் வைத்திருக்கிறேன். இடைவெளி 3.1-க்கு மேல் என்றால் வெள்ளை அல்லது நிறமற்றது. அப்புறம் வெளிர் மஞ்சள், மஞ்சள், ஆரஞ்சு. 2.0 அருகில் சிவப்பு, பாதரச சல்ஃபைடான சாதிலிங்கம் அங்கே நிற்கிறது. 1.7-க்குக் கீழே கருப்பு. இந்தப் படிக்கட்டில் நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. ஏன் என்றால் இடைவெளியைத் தாண்டிய எல்லா ஆற்றலையும் பொருள் உறிஞ்சும். சிவப்பை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விட்டுவைப்பது விளிம்பால் முடியாத காரியம். ஆகவே ஒரு பவுடர் பச்சையாகவோ நீலமாகவோ வந்தால், அதன் நிறத்துக்குக் காரணம் இடைவெளி அல்ல, வேறு ஏதோ. எனக்கு இத்தனை ஆண்டுகளில் மிக அதிகமாகப் பயன்பட்ட ஒற்றைச் சோதனை இது. ஒருமுறை வெள்ளையாக வரவேண்டிய துத்தநாக ஆக்சைடு இளம்பச்சையாக வந்தது. கருவியில் வைப்பதற்கு முன்பே கோபால்ட் கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டோம். அதே உலையில் முந்தைய வாரம் கோபால்ட் சாம்பிள் சுட்டிருந்தார்கள்.

சரி, தங்கத்தின் மஞ்சள் எப்படி? உலோகத்தில் இடைவெளி இல்லை, எந்த ஆற்றலையும் உறிஞ்சலாம். அப்படியானால் கருப்பாக அல்லவா இருக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான கேள்வி. கட்டற்ற எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்தோடு சேர்ந்து ஆடி, அதை உள்ளே நுழைய விடாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. அதனால்தான் வெள்ளி எல்லா நிறத்தையும் சமமாகத் திருப்பி வெண்மையாகப் பளபளக்கிறது. தங்கத்தில் கூடுதலாக ஒன்று நடக்கிறது. அணுவின் டி மட்டங்கள் சேர்ந்து உருவான, முழுதாக நிரம்பிய டி-பட்டையிலிருந்து, எலக்ட்ரான்கள் நிரம்பி நிற்கும் உச்சமான பெர்மி மட்டத்துக்கு மேலே இருக்கும் காலி இடங்களுக்கு எலக்ட்ரான் தாவ சுமார் 2.4 எலக்ட்ரான் வோல்ட் போதும். நீல ஒளி அந்தத் தாவலில் செலவாகிறது, திரும்பி வருவதில் நீலம் குறைகிறது. வெள்ளியில் இதே தாவலுக்கு 4 அருகில் வேண்டும், அது புற ஊதாவில் போய்விடுகிறது. மெல்லிய தங்கப் படலத்தில் சிவப்பும் மஞ்சளும் முன்பக்கமே திரும்பிவிடுவதால், ஊடுருவி மறுபக்கம் வரும் கொஞ்ச ஒளியில் பச்சையும் நீலமும் மேலோங்குகின்றன. சல்ஃபைடின் மஞ்சள் தப்பித்த ஒளி, தங்கத்தின் மஞ்சள் திருப்பி அடிக்கப்பட்ட ஒளி. சில்லைத் தூக்கிப் பிடித்ததும் வித்தியாசம் வெளிப்படுவது இதனால்தான்.

இப்போது நான் தவறிய இடத்தைச் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டில் டைட்டானியம் டை ஆக்சைடு பவுடர் ஒன்று செய்தோம். கரிம மூலப்பொருளிலிருந்து தொடங்கி, 350 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் சுட்டது. எக்ஸ் கதிர் சோதனையில் அனடேஸ் வடிவம் என்று தெளிவாக வந்தது. அனடேஸின் இடைவெளி 3.2, விளிம்பு 388 நானோமீட்டர், எனவே வெள்ளையாக இருக்க வேண்டும். எங்களுடையது இளமஞ்சள். பரவல் எதிரொளிப்பை அளந்து, உறிஞ்சல் தரவிலிருந்து இடைவெளியைக் கணிக்கும் டாக் வரைபடம் போட்டு, சரிவை நேர்க்கோடாக நீட்டி கிடை அச்சை வெட்டவைத்தேன். 2.7 வந்தது. இடைவெளி சுருங்கிவிட்டது என்று மிகவும் மகிழ்ந்தேன். நீல ஒளியிலேயே வேலை செய்யும் ஒளிவினையூக்கி கிடைத்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

லேபில் மூத்தவர் ஒருவர் வரைபடத்தை ஒதுக்கிவிட்டு, "முதல்ல ரா டேட்டாவைக் காட்டுப்பா" என்றார். எதிரொளிப்புக் கோட்டில் 388 அருகே செங்குத்தான சுவர் இருந்த இடத்திலேயே இருந்தது. அதற்கு அப்பால் 550 வரை ஒரு மெதுவான சரிவு நீண்டிருந்தது. நான் கோடு போட்டது அந்தச் சரிவின் மேல். "இடைவெளி நிஜமாவே சுருங்கினா சுவரே நகரணும். இது சுவருக்கு முன்னாடி யாரோ மண்ணைக் கொட்டின மாதிரி இருக்கு" என்றார். அதே பவுடரைக் காற்றோட்டத்தில் 450 டிகிரியில் நான்கு மணி நேரம் மறுபடி சுட்டோம். வெள்ளையாக வெளியே வந்தது. சரிவு போய்விட்டது, சுவர் அசையவில்லை. மஞ்சளுக்குக் காரணம் எரியாமல் தங்கியிருந்த கரிமக் கசடு.

அதற்குப் பிறகு இரண்டு பழக்கங்கள் வந்தன. சரிவு இருந்தால் அதற்கும் தனியாக ஒரு கோடு போட்டு, செங்குத்துக் கோடும் அந்தக் கோடும் வெட்டும் இடத்தில்தான் இடைவெளியைப் படிப்பேன், கிடை அச்சில் அல்ல. இன்னொன்று, எந்த அடுக்கு எடுத்தேன் என்பதை மதிப்புக்குப் பக்கத்திலேயே எழுதுவேன். நேரடி இடைவெளிக்கு `(αhν)^2`, மறைமுக இடைவெளிக்கு `(αhν)^(1/2)`. இதில் α உறிஞ்சல் கெழு, hν ஒளியின் ஆற்றல். ஒரே தரவில் இரண்டையும் போட்டால் நேரடிக் கணக்கு கூடுதலான எண்ணைத் தரும். அடுக்கைச் சொல்லாமல் இரண்டு ஆய்வகங்களின் மதிப்புகளை ஒப்பிட்டால், வித்தியாசம் பொருளில் இருக்கிறதா கணக்கில் இருக்கிறதா என்றே தெரியாது.

மறைமுகம் என்பது வெறும் கணக்குச் சொல் அல்ல. சிலிக்கானில் எலக்ட்ரான் மேலே தாவும்போது உந்தமும் மாற வேண்டும். அதைக் கொடுக்க ஒளியால் முடியாது, படிக அதிர்வு உதவிக்கு வர வேண்டும். ஆகவே விளிம்பைத் தாண்டியும் உறிஞ்சல் மெதுவாகத்தான் ஏறுகிறது. நேரடி இடைவெளி கொண்ட காலியம் ஆர்செனைடு ஒன்றிரண்டு மைக்ரானிலேயே பார்வை ஒளியை முடித்துவிடும். சிலிக்கானைப் பத்து மைக்ரான் அளவுக்கு மெலிதாக்கி விளக்குக்கு எதிரே பிடித்தால் சிவப்பு ஒளி ஊடுருவி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 1.12 என்ற எண் கருப்பு என்கிறது, மெல்லிய துண்டு சிவப்பு என்கிறது. விளிம்பு எங்கே தொடங்குகிறது என்பதைத்தான் இடைவெளி சொல்லும். கண்ணுக்கு எது வந்து சேரும் என்பதில் தடிமனுக்கும் பங்கு உண்டு.

கோட்பாடே கைவிட்ட இடமும் ஒன்று உண்டு: நிக்கல் ஆக்சைடு. எளிய பட்டைக் கணக்குப்படி நிக்கலின் டி-பட்டை முழுதாக நிரம்பாமல் நிற்பதால், அது உலோகமாக இருக்க வேண்டும். உண்மையில் அது பச்சை நிறக் காப்பான். 1937-லேயே டி போயரும் வெர்வேயும் இந்த முரணைச் சுட்டிக்காட்டினார்கள். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கும் விசை இங்கே மிக வலுவானது. ஒரே நிக்கல் அணுவில் கூடுதல் எலக்ட்ரான் வந்து உட்கார அதிக விலை கொடுக்க வேண்டியிருப்பதால் அவை அவரவர் இடத்திலேயே நின்றுவிடுகின்றன. இடைவெளி 4 அருகில் இருப்பதால் அது நிறம் தராது. பச்சை வருவது நிக்கல் அயனிக்குள்ளேயே நடக்கும் டி-டி தாவல்களால். பச்சை என்றால் இடைவெளியைச் சந்தேகி என்ற என் சோதனை இங்கேயும் சரியாகவே எச்சரிக்கிறது.

இப்போது மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ ஒரு பவுடர் வந்தால் கருவிக்குப் போகும் முன் சூடாக்கிப் பார்க்கிறேன். படிகம் விரிந்து, அதிர்வும் கூடுவதால் பெரும்பாலான குறைக்கடத்திகளில் இடைவெளி சுருங்கும். கேட்மியம் சல்ஃபைடை 200 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுமார் 0.1 எலக்ட்ரான் வோல்ட் குறைந்து விளிம்பு 20 நானோமீட்டருக்கு மேல் நகரும், மஞ்சள் ஆரஞ்சாக அடர்ந்து ஆறியதும் பழைய நிறத்துக்கே திரும்பும். திரவ நைட்ரஜனில் நனைத்தால் எதிர்ப்பக்கம் நகர்ந்து வெளிறும். அந்தக் கசடு படிந்த டைட்டானியம் பவுடரின் மிச்சத்தைப் பிறகு ஒருநாள் இதே மாதிரி 200 டிகிரிக்குச் சூடாக்கினேன். சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. இன்னும் சுட்டபோது கசடு எரிந்து வெளுத்தது, ஆறிய பிறகு அந்த மஞ்சள் திரும்பி வரவே இல்லை.