மையக்கரு: ஒரு சொல்லா, தீர்ப்பா, கேள்வியா? ஒரு தையல்கடைக் கதையை வைத்து ஓர் ஒப்பீடு

எழுத உட்காரும் முன்பே மையக்கருவை முடிவு செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் அதை மூன்று விதங்களில் ஒன்றாகக் குறித்து வைக்கிறார்கள். சிலர் ஒரே சொல்லாக எழுதுகிறார்கள்: நன்றிக்கடன். சிலர் தீர்ப்பாக எழுதுகிறார்கள்: நன்றிக்கடன் மனிதனைத் தலைநிமிர விடாது. சிலர் கேள்வியாக எழுதுகிறார்கள்: வாங்கிய உதவிக்குக் கணக்குத் தீரும் நாள் என்று ஒன்று உண்டா? மூன்றும் ஒரே விஷயத்தைத்தான் சொல்வதாகத் தோன்றும். ஆனால் எழுதத் தொடங்கியதும் மூன்றும் மூன்று வேறு கதைகளைக் கொண்டுவரும். கருவை வாய்விட்டுச் சொல்லாமல் காட்சிகளிலேயே நிறுத்த முடியுமா என்பதும் பெருமளவு இந்தத் தேர்வில்தான் இருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க 3000 சொல்லுக்குள் அடங்கும் ஒரு சிறுகதையை எடுத்துக்கொள்வோம். சண்முகம் ஒரு தையல்காரர். 13 ஆண்டுகளுக்கு முன் மனைவியின் அண்ணன் ராஜு 40,000 ரூபாய் கொடுத்து அவருக்குக் கடை வைத்துக் கொடுத்தார். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. இப்போது சண்முகம் அதே தொகையைச் சேர்த்துவிட்டார். பணத்தை எண்ணிக் கவரில் போடுவது முதல் காட்சி. மச்சான் வீட்டில் காபி குடித்தபடி பேச்சுக்கு நேரம் பார்த்திருப்பது இரண்டாவது. கவரைக் கொடுப்பது மூன்றாவது. மறுநாள் காலை கடையில் நடப்பது நான்காவது.

'நன்றிக்கடன்' என்ற ஒற்றைச் சொல்லோடு இதை எழுதத் தொடங்கினால் முதல் காட்சி நன்றாகவே வரும். சண்முகம் பணத்தை எண்ணுவார், பழையதை நினைத்துப் பார்ப்பார். சிக்கல் இரண்டாவது காட்சியில் தொடங்கும். ஒரு சொல்லுக்குத் திசை கிடையாது. அதனால் மச்சான் வீட்டில் எது நடந்தாலும் கருவுக்குப் பொருந்துவதுபோலவே இருக்கும், எதையும் வெட்டக் காரணம் கிடைக்காது. நான்கு காட்சிகளும் ஒரே இடத்தில் சுற்றும். கதை நகரவில்லை என்று எழுதுபவருக்கே தெரியத் தொடங்கும்போது, அதை நகர்த்த ஒரு விபத்தோ மரணமோ கடைசியில் வந்து சேரும். நடுப்பகுதி தேங்கி, முடிவு மட்டும் வேகமெடுக்கும் கதைகள் பலவற்றின் கரு ஒரு சொல்லாகவே நின்றுபோயிருக்கும்.

தீர்ப்பு வடிவத்துக்கு வலுவான மரபு உண்டு. ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் நாடகம் கற்பித்த லாயோஷ் எக்ரி, ஒவ்வொரு நாடகத்துக்கும் நிரூபிக்கத்தக்க ஒரு கூற்று வேண்டும் என்றே 1940-களில் எழுதினார். இரக்கமற்ற பேராசை தன்னையே அழிக்கும் என்பதுபோன்ற வாக்கியங்கள் அவை. அதில் பலன் உண்டு: கதைக்குத் திசை கிடைக்கிறது, தேவையற்ற காட்சி உடனே கண்ணில் படுகிறது. மேடை நாடகத்துக்கு அது இன்றும் நல்ல கருவி. சிறுகதையில் அதன் விலை அதிகம் என்பது என் கணிப்பு. தீர்ப்பு முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டால் மறுதரப்புக்கு வாதாட இடமில்லை. நம் கதையில் ராஜு கெட்டவராகியே தீரவேண்டும். மூன்றாவது காட்சியில் அவர், "நான் மட்டும் இல்லேன்னா நீ இன்னைக்குத் தெருவுல நின்னுருப்ப" என்பார். அந்த வரி எழுதப்பட்ட கணத்தில் கரு உடைந்து வெளியே கொட்டிவிடுகிறது. ஆசிரியர் சொல்ல வந்ததை ஒரு பாத்திரம் கோபத்தில் சொல்லிவிட்டது, அவ்வளவுதான்.

கேள்வி வடிவில் நிலைமை வேறு. கணக்குத் தீருமா என்பது உண்மையான கேள்வியானால், தீராது என்பதற்கும் நல்ல நியாயம் இருக்க வேண்டும். அப்போது ராஜு நல்லவராகிறார். கவரைப் பார்த்ததும், "நமக்குள்ள எதுக்கு மாப்ள இதெல்லாம்" என்று உண்மையான பாசத்தோடு சொல்லி, பிரிக்காமலே டி.வி. மேல் வைத்துவிடுகிறார். எண்ணிப் பார்க்கவில்லை. சண்முகத்துக்கு இதைவிடப் பெரிய பாரம் கிடையாது. 13 ஆண்டு சேர்த்த பணத்தை யாரும் எண்ணவில்லை என்றால் அது கொடுத்ததாகுமா? இந்த வரியைக் கதைக்குள் எழுதக் கூடாது. எழுதத் தேவையும் இல்லை, பிரிக்கப்படாத கவரே அதைச் சொல்லிவிட்டது.

கேள்வியைப் பிடித்துக்கொண்ட பின் காட்சிகளைத் திட்டமிடும் முறை எளிது. ஒரு தாளில் காட்சிக்கு ஒரு வரி எழுதி, பக்கத்தில் அந்தக் காட்சி எந்த விடைப் பக்கம் சாய்கிறது என்று குறிக்க வேண்டும். முதல் காட்சி: தீரும், இதோ பணம். இரண்டாவது: என்றோ தீர்ந்திருக்கலாம், ஏனென்றால் ராஜு வீட்டுத் துணியெல்லாம் இத்தனை ஆண்டும் கூலி இல்லாமல்தான் தைக்கப்பட்டிருக்கிறது. மூன்றாவது: தீராது, கொடுத்தவர் தீர விடவில்லை. நான்காவது: சண்முகம் என்ன செய்கிறாரோ அது. அடுத்தடுத்த இரண்டு காட்சிகள் ஒரே பக்கம் சாய்ந்தால் அவற்றில் ஒன்று தேவையில்லை. பெரும்பாலும் வெட்ட வேண்டியது அந்த இரண்டில் பின்னால் வருவதைத்தான்.

இனி, கருவைச் சுமப்பது எது? வசனம், பொருள், பாத்திரத்தின் தேர்வு என்று மூன்று வழிகள் இருக்கின்றன. வசனம் மிக எளிதில் கசியும் என்பதை மேலே பார்த்தோம். பொருள் அதைவிட நம்பகமானது. ஆனால் ஒரு நிபந்தனை: கதைக்கு வெளியேயும் அதற்குச் சொந்த வேலை இருக்க வேண்டும். குறுந்தொகையின் 25-ஆம் பாட்டில் கபிலர் வைத்த குருகு என்ற நீர்ப்பறவையை நினைத்துப் பாருங்கள். தலைவன் தன்னோடு கூடிய நாளில் வேறு சாட்சி இல்லை, ஒரு குருகு இருந்தது என்கிறாள் தலைவி. அந்தக் குருகோ ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்றது. சாட்சியாக இருக்க அது வரவில்லை, இரைக்காக வந்தது. அதனால்தான் அவளுடைய கதியின்மை நமக்கு அத்தனை சுருக்கெனத் தைக்கிறது.

நம் கதையில் அந்த இடம் அளவு நோட்டுக்கு. தையல்கடையில் அது இல்லாமல் வேலை நடக்காது. வாடிக்கையாளர் பெயர், இடுப்பு, உயரம், கடைசியில் கூலி. முதல் காட்சியில் சண்முகம் அதைப் புரட்டும்போது, எல்லாப் பக்கத்திலும் கூலி எழுதியிருக்கிறது, ராஜுவின் பக்கத்தில் அளவு மட்டும் இருக்கிறது என்று ஒரே வரியில் காட்டினால் போதும். இரண்டாவது காட்சியில் மச்சானின் மனைவி, "அப்படியே மருமவனுக்கும் அளவு எடுத்துக்குங்க" என்று சொல்ல, சண்முகம் நோட்டை எடுத்து எழுதுகிறார், கவர் இன்னும் சட்டைப் பைக்குள் இருக்கிறது. இறுதிக் காட்சியில் நோட்டு மூன்றாவது முறை வருகிறது. இந்த அளவுள்ள கதைக்கு மூன்று முறை போதும். இயல்பாக ஒரு முறை, இக்கட்டில் ஒரு முறை, மாற்றத்தோடு ஒரு முறை. நான்காவது முறை வந்தால் வாசகர் நோட்டைப் பார்ப்பதை விட்டு, அதைச் சுட்டும் ஆசிரியரின் விரலைப் பார்க்கத் தொடங்குவார்.

பொருளைவிட வலுவானது தேர்வு. மறுநாள் காலை ராஜு வீட்டுப் பையன் மூன்று பேண்ட்டுகளோடு கடைக்கு வருகிறான். சண்முகம் கூலியை எழுதினால் விடை 'தீரும்'. வழக்கம்போல் வெறுமனே விட்டால் 'தீராது'. இரண்டுமே கேள்வியைப் பூட்டிவிடுகின்றன. மூன்றாவது வழி ஒன்று உண்டு. இதுவரை ராஜு வீட்டுத் துணி வந்தால் மற்ற வேலையை ஒதுக்கி முதலில் அதைத்தான் தைப்பார் என்று முதல் காட்சியில் தெரிவித்துவிட வேண்டும். இப்போது அவர் கூலிக் கட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு, பேண்ட்டுகளைத் துணி அடுக்கின் அடியில் வைக்கிறார். கதை அங்கே நிற்கலாம். இலவசம் தொடர்கிறது, முன்னுரிமை போய்விட்டது. ஒருவர் இதை விடுதலை என்பார், இன்னொருவர் சின்னப் பழிவாங்கல் என்பார். இருவருமே கருவைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

கருவைச் சொல்லாமல் விட முனைபவர்கள் அதிகம் தவறும் இடம் ஒன்று உண்டு. கருவோடு சேர்த்துத் தகவலையும் மறைத்துவிடுவார்கள். கூலி வாங்குவதில்லை என்பதைக் குறிப்பாகக்கூடத் தராமல், அடுக்கின் அடியில் பேண்ட்டை வைத்து முடித்தால் வாசகருக்கு அது வெறும் பேண்ட்தான். தொகை, ஆண்டு, யார் யாருக்கு என்ன உறவு, எது இலவசம், எது முதலில் தைக்கப்படும் ஆகிய ஐந்தும் பளிச்சென்று தெரிய வேண்டும். 'புரியவில்லை' என்று வாசகர் சொன்னால் கருவை விளக்கும் வரியைச் சேர்க்காதீர்கள், விடுபட்ட தகவலைத் தேடுங்கள். அநேகமாக அது முதல் பக்கத்தில் சேர வேண்டியதாக இருக்கும்.

கருவை முதலில் தேர்வதா, முதல் வரைவுக்குப் பின் கண்டெடுப்பதா என்ற போட்டியும் பழையதே. நாவலுக்குப் பின்னது பொருந்தலாம். 300 பக்கத்தில் பாத்திரங்கள் கேள்வியை மாற்றிக்கொண்டே போவார்கள். வரைவைச் சில வாரம் ஒதுக்கி வைத்துவிட்டு, தானாகத் திரும்பத் திரும்ப வந்த பொருட்களையும் செயல்களையும் வட்டமிட்டால் கரு தெரியவரும். விலை, முன்பாதியை மறுபடி எழுதுவது. சிறுகதையில் முதல் பக்கத்திலேயே நோட்டையும் முன்னுரிமையையும் வைத்தாக வேண்டும் என்பதால் முன்கூட்டித் தேர்வதுதான் சிக்கனம்.

அப்படித் தேர்ந்தால் இரண்டு காவல்கள் வேண்டும். ஒன்று, தடைச்சொற்கள். நன்றி, உதவி, கடன், கைம்மாறு, தீர்ந்தது என்று ஐந்தாறு சொற்களைத் தாளின் மேல் எழுதி, கதைசொல்லியின் குரலிலும் பாத்திரத்தின் எண்ணத்திலும் அவற்றை விலக்க வேண்டும். பேச்சில் சாதாரணப் பொருளில் வந்தால் பாதகமில்லை. பட்டன் கடனுக்கு வாங்கினேன் என்று சண்முகம் சொல்லலாம். மற்றொன்று, பாத்திரத்தைக் கேள்விக்காக மடக்காமல் இருப்பது. ராஜுவின் மனைவி கவரைப் பார்த்தால் இயல்பாகவே பிரித்து எண்ணிவிடும் ஆளாக உருவாகியிருந்தால் அவரைத் தடுக்கக் கூடாது. எண்ணட்டும். அப்போது கேள்வி, 'கணக்கு யாருடையது, கொடுத்தவருடையதா அவர் குடும்பத்துடையதா' என்று மாறும். தாளில் உள்ள கேள்வியை அடித்துவிட்டு, முதல் காட்சியில் ராஜுவின் மனைவியைப் பற்றி ஒரு வரி சேர்த்தால் போதும்.

எழுதி முடித்த பின் மூன்று பேரிடம் கொடுத்து, கதை எதைப் பற்றியது என்று கேட்காமல், சண்முகம் ஏன் பேண்ட்டை அடியில் வைத்தார் என்று கேளுங்கள். மூவரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் எங்கோ ஒரு வரி பிரசங்கம் செய்கிறது, அதைத் தேடி எடுக்க வேண்டும். மூவரும் துணியைப் பற்றியே பேசினால் ஐந்து தகவல்களில் ஒன்று விழவில்லை. மூவரும் மச்சானைப் பற்றித் தங்களுக்குள் வாதாடத் தொடங்கினால், கதையை அனுப்பிவிடலாம்.