முதல் 100 பேருக்கான கூப்பன்: மூன்று தீபாவளிகளின் அனுபவம்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள ஒரு ஜவுளிக் கடையின் ஆன்லைன் விற்பனைத் தளத்தை 2022 முதல் பராமரித்து வருகிறேன். அதற்காக நான் எழுதிய கூப்பன் பகுதி, மூன்று தீபாவளி விற்பனைகளில் எங்கெங்கே தவறியது, எப்படித் திருந்தியது என்பதை இங்கே பகிர்கிறேன்.

முதல் ஆண்டில், 999 ரூபாய்க்கு மேல் வாங்கும் முதல் 100 பேருக்கு 200 ரூபாய் தள்ளுபடி என்று அறிவித்து, `VANNAI200` என்ற கூப்பனை மாலை ஏழு மணிக்கு வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினோம். மறுநாள் காலை கடை உரிமையாளர் கணக்கைப் பார்த்துவிட்டு, "தம்பி, நூறு பேருக்குத்தானே குடுக்கச் சொன்னேன், எப்படி நூத்திப் பதினேழு போச்சு?" என்று கேட்டார். கூடுதலாகப் போன 3,400 ரூபாயைவிட என்னைக் கலங்க வைத்தது வேறொன்று: கூப்பன் அட்டவணையின் `used_count` 109 என்று காட்டியது, ஆர்டர்களை எண்ணினால் 117 வந்தது. இந்த இரண்டு எண்களும் ஒத்துப்போகவில்லை என்றால், சர்வர் எண்ணும் முறையிலேயே ஓட்டை இருக்கிறது என்று பொருள்.

ஓட்டை இதுதான். வாடிக்கையாளர் கூப்பனை இட்டதும் சர்வர் எண்ணிக்கையைப் படித்து, 100-க்குக் குறைவாக இருந்தால் அனுமதித்தது. ஆனால் பணம் வந்த பிறகுதான் எண்ணிக்கையைக் கூட்டியது. யுபிஐ செயலிக்குப் போய், பின் எண்ணை இட்டுத் திரும்ப ஓரிரு நிமிடங்கள் ஆகின்றன. எண்ணிக்கை 95-இல் நிற்கும்போது இருபது பேர் கூப்பனை இட்டால், இருபது பேருக்கும் இடம் இருப்பதாகவே சர்வர் சொல்லும். மேலும், கூட்டும்போது பழைய எண்ணைப் படித்து, ஒன்றைச் சேர்த்து, திரும்ப எழுதியதால், ஒரே நொடியில் வந்த இரண்டு ஆர்டர்கள் ஒன்றாகவே பதிவாயின.

சரிபார்ப்பதையும் கூட்டுவதையும் ஒரே கட்டளையாக்கியதும் இது தீர்ந்தது:

```sql
UPDATE coupons
SET used_count = used_count + 1
WHERE code = 'VANNAI200'
  AND used_count < max_uses
  AND expires_at > now();
```

ஒரு வரிசை மாறியதாகப் பதில் வந்தால் கூப்பன் கிடைத்தது. பூஜ்யம் வந்தால் கிடைக்கவில்லை. ஒருவருக்காக அந்த வரிசை பூட்டப்பட்டிருக்கும்போது அடுத்தவர் காத்திருப்பார். பூட்டு விலகியதும் மாறிய எண்ணை வைத்தே நிபந்தனை மறுபடியும் பார்க்கப்படும்.

இக்கட்டளையைப் பணம் செலுத்தும் பக்கத்துக்குப் போகும் முன்பே ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டினால், பணம் கட்டாமல் போய்விடுபவர்களிடம் கூப்பன்கள் முடங்கும். ஆகவே 2023-இல், எடுத்த கூப்பனைப் பதினைந்து நிமிடங்கள் மட்டும் பிடித்து வைத்து, பணம் வராவிட்டால் விடுவித்து எண்ணிக்கையைக் குறைத்தோம். பிடித்த நிலையில் உள்ளதை மட்டுமே விடுவிக்க வேண்டும் என்ற நிபந்தனை இங்கு இன்றியமையாதது. இல்லாவிட்டால் ஒரே கூப்பன் இருமுறை விடுபட்டுக் கணக்கு மீண்டும் பிசகும். வங்கியில் பணம் எடுக்கப்பட்டு, உறுதிச் செய்தி இருபது நிமிடம் கழித்து வரும் ஆர்டர்களும் உண்டு. அதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போயிருந்தாலும் தள்ளுபடியைத் தருகிறோம். விலையைக் காட்டிப் பணம் வாங்கிய பிறகு மறுப்பது நியாயமன்று. எண்ணிக்கை 101 ஆனாலும் பரவாயில்லை என்று உரிமையாளரும் ஒப்புக்கொண்டார்.

2024-இல் தவறியது காலாவதி. தீபாவளி நாளான அக்டோபர் 31 முழுவதும் செல்ல வேண்டிய கூப்பன், அன்று விடியற்காலை 5.30 மணிக்கே செத்துவிட்டது. நான் `2024-10-31` என்று தேதியை மட்டும் இட்டிருந்தேன். சர்வர் அதை யுடிசி நேரப்படி அந்த நாளின் தொடக்கமாக எடுத்துக்கொண்டது, நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முந்தியது. இப்போது `2024-11-01 00:00+05:30` என்று மறுநாளின் தொடக்கத்தையே எல்லையாக எழுதுகிறேன். இரவு 11.58-க்குக் கூப்பனைப் பிடித்தவர் 12.03-க்குப் பணம் கட்டினாலும் செல்லும், ஏனெனில் பிடித்த நேரமே கணக்கு.

இரண்டு கூப்பன்களைச் சேர்த்துப் பயன்படுத்த அனுமதித்தால், எது முதலில் கழியும் என்பதை எழுதி வைத்துவிட வேண்டும். 1,500 ரூபாய்க்கு 10 சதவீதத்தை முதலில் கழித்துப் பிறகு 200 ரூபாயைக் கழித்தால் 1,150; வரிசையை மாற்றினால் 1,170. நாங்கள் சதவீதத்தை முதலில் கழிக்கிறோம். 999 என்ற குறைந்தபட்சத் தொகையைத் தள்ளுபடிக்கு முந்தைய விலையில் பார்க்கிறோம். ஆனால் ஆர்டரை உறுதி செய்யும்போது அந்தத் தொகையைச் சர்வர் மறுபடியும் கூட்டிப் பார்க்கிறது, ஏனெனில் கூப்பனை இட்ட பிறகு கூடையிலிருந்து ஒரு புடவையை எடுத்துவிடுபவர்கள் எல்லா ஆண்டும் இருக்கிறார்கள்.