செத்து, இறந்து, காலமாகி, மறைந்து: நான்கில் எது பொருந்தும்?

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் எழுதிக் கொடுத்த பயிற்சித்தாளில் ஒரு வரி இருந்தது: "கழிவுநீர் கலந்ததால் ஏரியில் மீன்கள் ____ மிதந்தன." அடைப்புக்குள் நான்கு சொற்கள்: செத்து, இறந்து, காலமாகி, மறைந்து. ஒரு மாணவி "காலமாகி" என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "செத்துன்னு எழுதினா மரியாதையா இருக்காதே டீச்சர்" என்றாள். விடை தவறு, ஆனால் அவளுடைய காது வேலை செய்திருக்கிறது. செத்து என்ற சொல்லின் கடுமை அவளுக்குத் தெரிகிறது. அந்தக் கடுமை எந்த இடத்தில் வேண்டும், எந்த இடத்தில் வேண்டாம் என்பதுதான் தெரியவில்லை. ஒத்த சொற்களை ஒரே வரிசையில் எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னால் அது தெரியவும் வராது. அதனால் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

செத்து என்பதிலிருந்து தொடங்குகிறேன். சா என்ற வேரிலிருந்து வருவது. செத்தான், சாகிறான், சாவான், சாவு என எல்லா வடிவத்திலும் புழங்கும். உயிர் போன உடம்பை எந்தப் போர்வையும் இல்லாமல் காட்டும் சொல் இது. ஏரியில் வெள்ளை வயிறு தெரியக் கிடக்கும் மீனுக்கு அதனால்தான் இது பொருந்துகிறது. "செத்தார்" என்று மரியாதை விகுதி சேர்த்தாலும் சொல்லின் கடுமை குறைவதில்லை. வினை ஒரு பக்கம் இழுக்க, விகுதி வேறு பக்கம் இழுக்கிறது.

ஆனால் இது வசைச்சொல் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. "செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்ற பழமொழி கீழக்கரை வள்ளலுக்குப் புகழ்மாலை. "காலமான பின்பும் வழங்கினார்" என்று அதை மாற்றிப் பாருங்கள், அறக்கட்டளை அறிக்கை போல ஆகிவிடும். உயிரே போன பிறகும் கொடுத்தான் என்ற வியப்பு நிற்பது "செத்தும்" என்ற சொல்லின் அப்பட்டத்தில்தான். யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். "எங்கப்பா செத்துப் பத்து வருசமாச்சு" என்று மகன் சொன்னால் அதில் துக்கம் இருக்கிறது. அதையே பக்கத்து வீட்டுக்காரர் "உங்கப்பா செத்து" என்று தொடங்கினால் மனம் புண்படும். "உங்கப்பா தவறி" என்றுதான் அவர் சொல்வார். பயிற்சி வாக்கியத்தில் பேசுபவர் யார் என்ற குறிப்பு இல்லையென்றால் இந்தச் சொல்லுக்கு நியாயம் செய்யவே முடியாது.

இறந்து என்பது இவற்றுள் நடுநிலையான சொல். மனிதர், புலி, பூச்சி எல்லாவற்றுக்கும் பொருந்தும். இதன் பழைய பொருள் கடந்து போதல். இறந்தகாலம் என்பது கடந்த காலம், செத்த காலம் அல்ல. "பொறுத்தல் இறப்பினை என்றும்" என்று தொடங்கும் குறளில் இறப்பு என்பது வரம்பு கடந்து ஒருவர் செய்த தீங்கு. கடந்து போனார் என்ற மங்கலச் சொல் நாளடைவில் நேர்ச்சொல்லாகவே தேய்ந்துவிட்டது என்பது என் எண்ணம். அந்தத் தேய்வுதான் இதற்கு நடுநிலையைத் தருகிறது. அரசு தருவது இறப்புச் சான்றிதழ்; சாவுச் சான்றிதழோ மறைவுச் சான்றிதழோ இல்லை. நம் மீன் வாக்கியத்திலும் "இறந்து மிதந்தன" பிழையில்லை. அதிகாரியின் அறிக்கை என்றால் அதுவே நல்லது. ஏரிக்கரையில் நின்று பார்த்தவர் எழுதினால் "செத்து".

காலமாதல் மனிதருக்கு மட்டும் உரியது. "எங்கள் பசு காலமானது" என்று யாரும் சொல்வதில்லை. அவருடைய காலம் நிறைந்தது என்ற அமைதி இந்தச் சொல்லில் இருக்கிறது. அதனாலேயே "லாரி மோதியதில் மூவர் காலமாயினர்" என்பது ஒட்டாமல் நிற்கிறது. அங்கே காலம் நிறையவில்லை, அறுபட்டிருக்கிறது. செய்தியாளர்கள் "உயிரிழந்தனர்" என்று எழுதுவது சரியான தேர்வு. விடுப்பு விண்ணப்பத்தில் "என் பாட்டி காலமானதால்" என்று எழுதலாம். "இறைவனடி சேர்ந்தார்" என்றும் எழுதலாம், ஆனால் அதில் நம்பிக்கை கலந்திருக்கிறது. கடவுளைக் குறிப்பிட விரும்பாத குடும்பங்கள் "இயற்கை எய்தினார்" என்பார்கள். இப்படி மங்கலமாகச் சொல்வதை நன்னூல் தகுதி வழக்கில் ஒன்றாகவே வைத்திருக்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பது அதற்கு வழக்கமாகத் தரப்படும் எடுத்துக்காட்டு. துஞ்சுதல் என்றால் உறங்குதல். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்ற சங்ககாலப் பெயரில் இருப்பதும் அந்தத் துஞ்சுதல்தான்.

மறைந்து என்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நினைவில் நிற்கும் ஒருவருக்கு, பெரும்பாலும் பெயரெச்சமாக, "மறைந்த எழுத்தாளர்" என்று வரும்போது சிறப்பாக இருக்கும். தனி வினையாக வந்தால் ஐயம் எழும்: "கூட்டத்துக்குள் மறைந்தார்" என்றால் அவர் உயிரோடுதான் இருக்கிறார். மீன்கள் "மறைந்து மிதந்தன" என்றால் வாக்கியமே உடைந்துவிடும்.

எதிர்ச்சொல்லுக்கு வந்தால் இந்த வேறுபாடு இன்னும் துலங்குகிறது. இறப்பு என்றதும் பிள்ளைகள் பிறப்பு என்பார்கள், சரி. சாவுக்கு? "மருத்துவமனையில் வாழ்வா சாவா என்று போராடுகிறார்" என்கிறோம். "பிறப்பா இறப்பா என்று போராடுகிறார்" என்றால் பொருளே மாறிவிடுகிறது. மறைவுக்குத் தோற்றம். கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் படத்துக்கு இருபுறமும் "தோற்றம்" "மறைவு" என்றுதான் இரண்டு தேதிகளைப் போடுகிறார்கள். சிலர் மலர்வு, உதிர்வு என்பார்கள். வடமொழிச் சாயல் வேண்டுபவர்கள் ஜனனம், மரணம் என்பார்கள். ஒரு பக்கம் தோற்றம், மறுபக்கம் சாவு என்று அச்சடித்தால் அந்த வீட்டார் சுவரொட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எதிர்ச்சொல் பொருளால் எதிராக இருந்தால் மட்டும் போதாது, தொனியால் இணையாகவும் இருக்க வேண்டும்.

"யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்" என்பதில் இறத்தலுக்கு எதிர் பிறத்தல் அல்ல, இருத்தல். பேச்சு, யானை உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதற்குள்ள விலை பற்றியது. இரு, இற என்ற மோனையும் காதுக்குத் துணை செய்கிறது. காலமானார் என்பதற்கோ எதிர்ச்சொல்லே கிடையாது. "பிறந்தார்" என்று எழுதினால் பொருள் எதிராகும், ஆனால் அந்தச் சொல்லில் காலமானார் தரும் பணிவுக்கு ஈடாக எதுவும் இல்லை. "காலமானார் - எதிர்ச்சொல் தருக" என்று வினாத்தாளில் வந்தால் வினாவைத்தான் திருத்த வேண்டும்.

என் தாளையும் திருத்தினேன். கோடிட்ட இடத்துக்கு மேலே, எழுதுபவர் யார், யாருக்கு எழுதுகிறார் என்று ஒரு வரி சேர்த்தேன். "ஏரிக்கரையில் வசிக்கும் மீனவர், தம் அண்ணனிடம்" என்று இருந்த இடத்தில் அந்த மாணவி இம்முறை தயங்காமல் "செத்து" என்று எழுதினாள். "வட்டாட்சியருக்கு ஊராட்சித் தலைவர் அனுப்பும் கடிதம்" என்ற அடுத்த வரியில் அதே மீன்களுக்கு "இறந்து" வந்தது. மூன்றாவதாகத் தோட்டத்து மாமரத்தைப் பற்றி ஒரு வாக்கியம் கொடுத்திருந்தேன். நான்கு சொற்களையும் அடித்துவிட்டு, ஓரத்தில் "மரம் பட்டுப்போகும் டீச்சர், பாட்டி அப்படித்தான் சொல்லும்" என்று எழுதி வைத்திருந்தாள்.